மொத்தம் ஏன் தப்பாக வருகிறது: எழுத்தாகிப்போன எண்களும் சுழலும் ஃபார்முலாக்களும்

கேள்வி: மேனேஜர் ஒரு எக்ஸெல் ஃபைலை அனுப்பி, "நம்பர்ஸ் சரியா இல்லை, பாருங்க" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். செல் செல்லாகப் பார்த்தால் எல்லாத் தொகையும் பில்லோடு ஒத்துப்போகிறது, மொத்தம் மட்டும் குறைவாக வருகிறது. திறக்கும்போது சர்க்குலர் ரெஃபரன்ஸ் என்று ஓர் எச்சரிக்கையும் வந்தது. அவர் கம்ப்யூட்டரில் அது வரவில்லையாம். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்:

முதலில் ஃபைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில் எதையும் திருத்துவதற்கு முன்னால், இப்போது காட்டும் தவறான மொத்தங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தவறான எண்தான் உங்களிடம் இருக்கும் மிக நல்ல துப்பு. அவசரப்பட்டு நான்கைந்து செல்களைத் திருத்திவிட்டால் அது அழிந்துவிடும். அப்புறம் எது எதனால் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே ஃபைலில் இருக்கின்றன. ஒன்று, எண்போலத் தெரிந்தாலும் எக்ஸெலுக்கு வெறும் எழுத்தாக இருக்கும் தொகைகள். இன்னொன்று, ஒன்றையொன்று சார்ந்து வட்டமடிக்கும் ஃபார்முலாக்கள். முதலாவதை முதலில் தீர்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளே போகும் தொகை தப்பாக இருக்கும்வரை வட்டத்திலிருந்து வெளிவரும் விடை சரியா தப்பா என்று சோதிக்கவே வழியில்லை.

உங்கள் ஃபைல் என்னிடம் இல்லாததால், இதே நோய் உள்ள சின்ன ஃபைல் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். Sales என்ற ஷீட்டில் C2 முதல் C9 வரை எட்டு பில் தொகைகள்: 12,500, 8,400, 15,250, 6,300, 22,000, 9,750, 4,800, 11,000. கையால் கூட்டினால் 90,000. ஆனால் C10-ல் இருக்கும் `=SUM(C2:C9)` காட்டுவது 60,200. பக்கத்து D காலத்தில் ஒவ்வொரு பில்லுக்கும் 5% ஜிஎஸ்டி. அதன் மொத்தம் 3,772.50.

இந்த இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி 3,772.50 என்றால் அது 75,450 ரூபாய் விற்பனைக்கான வரி. விற்பனை மொத்தமோ 60,200 என்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 15,250, அதாவது நான்காவது வரிசையில் இருக்கும் பில் தொகை அப்படியே. ஆக அந்த ஒரு பில் வரிக் கணக்கில் சேர்ந்திருக்கிறது, விற்பனைக் கூட்டலில் சேரவில்லை. ஒரு செல்லைக்கூடத் திறக்காமல், பேனாவும் தாளும் வைத்தே ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டோம்.

இது எப்படி நடக்கும்? எக்ஸெல் எழுத்தை நடத்தும் விதம் இடத்துக்கு இடம் வேறு. `SUM` ஒரு ரேஞ்சைக் கூட்டும்போது, அதில் எழுத்தாக இருக்கும் செல்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழை எதுவும் காட்டாது. ஆனால் `=C4*5%` என்று நேரடியாகப் பெருக்கினால், அந்த எழுத்து எண்ணாக மாற்றக்கூடியதாக இருக்கும்பட்சத்தில் எக்ஸெல் தானே மாற்றிக்கொண்டு பெருக்கிவிடும். அதனால்தான் ஒரே செல் ஓரிடத்தில் கணக்கில் வருகிறது, இன்னோரிடத்தில் வரவில்லை. ஒப்பிடும்போது இன்னும் மோசம்: எக்ஸெலில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. C4-ல் எழுத்தாக 15250 இருந்தால் `=C4>50000` என்ற கேள்விக்கு `TRUE` என்று பதில் வரும். ஐம்பதாயிரத்துக்கு மேல் உள்ள பில்களைத் தனியாகக் குறிக்க `IF` போட்டிருந்தால் இந்தச் சின்ன பில்லும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

சரி, இப்படி எத்தனை செல்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். காலியாக உள்ள ஒரு செல்லில் இதைப் போடுங்கள்:

```
=COUNTA(C2:C9)-COUNT(C2:C9)
```

`COUNTA` காலியாக இல்லாத செல்களை எண்ணும், `COUNT` உண்மையான எண்களை மட்டும் எண்ணும். நம் ஃபைலில் விடை 3. பூஜ்யம் வந்திருந்தால் C காலத்தில் இந்த நோய் இல்லை என்று நம்பி அடுத்ததற்குப் போகலாம். எவை அந்த மூன்று என்று பார்க்க, ரேஞ்சைத் தேர்ந்தெடுத்து F5 அழுத்துங்கள். `Special` போய், `Constants` தேர்ந்து, கீழே `Text` தவிர மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். `OK` கொடுத்ததும் எழுத்தாக இருக்கும் செல்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். உடனே மஞ்சள் நிறம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். தொகைகள் ஃபார்முலாவிலிருந்து வருகிறவை என்றால் `Constants` இடத்தில் `Formulas` தேர்ந்தெடுக்க வேண்டும். `LEFT`, `MID`, `TEXT` ஆகிய மூன்றும் எப்போதும் எழுத்தைத்தான் தரும் என்பதால், பில் விவரத்திலிருந்து தொகையை வெட்டி எடுத்திருக்கும் ஃபைல்களில் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் யாராவது அழகுக்காக மொத்தக் காலத்தையும் வலப்பக்கமோ நடுவிலோ தள்ளியிருந்தால் அந்த அடையாளம் போய்விடும். செல்லின் மூலையில் வரும் பச்சை முக்கோணத்தையும் முழுதாக நம்பக் கூடாது. எண்ணாக மாற்றக்கூடிய எழுத்துக்குத்தான் அது வரும். மாற்ற முடியாததை எக்ஸெல் சாதாரணச் சொல்லாகவே நினைத்து விட்டுவிடும்.

நம் மூன்று செல்களும் மூன்று விதமாகக் கெட்டிருக்கின்றன, மருந்தும் மூன்று விதம்.

C4-ல் இருக்கும் 15250 எளிய கேஸ். அந்த செல்லின் ஃபார்மேட் `Text` என்று இருந்தபோது யாரோ எண்ணைத் தட்டியிருக்கிறார்கள், அல்லது முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது. ஃபார்மேட்டை `Number` என்று மாற்றினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஃபார்மேட் என்பது காட்டும் விதம் மட்டுமே, உள்ளே ஏற்கெனவே எழுத்தாகப் பதிந்தது அதனால் மாறாது. ஃபார்மேட்டை `General` ஆக்கியபின் காலத்தைத் தேர்ந்து, `Data > Text to Columns` போய் எதையும் மாற்றாமல் `Finish` கொடுங்கள். எக்ஸெல் ஒவ்வொரு செல்லையும் புதிதாகப் படித்து எண்ணாக்கிவிடும். பச்சை முக்கோணம் இருந்தால் அதன் பக்கத்தில் வரும் `Convert to Number`-உம் இதே வேலையைச் செய்யும்.

C7-ல் இருக்கும் 9750 அப்படி மசியாது. இது வெப் பக்கத்திலிருந்தோ பில்லிங் சாஃப்ட்வேரின் ரிப்போர்ட்டிலிருந்தோ காப்பி ஆகியிருக்கும். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் ஸ்பேஸ் பாரில் தட்டும் சாதாரண இடைவெளி 32 என்ற எண் கொண்டது. வெப் பக்கங்களில் வரி உடையாமல் இருக்கப் போடும் இடைவெளியின் எண் 160. `TRIM` 32-ஐ மட்டும் நீக்கும், 160-ஐத் தொடாது. இதை உறுதிசெய்ய இரண்டு ஃபார்முலா போதும்:

```
=LEN(C7)
=UNICODE(RIGHT(C7,1))
```

நான்கு இலக்க எண்ணுக்கு நீளம் 5 என்று வந்து, கடைசி எழுத்தின் எண் 160 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

C8-ல் இருப்பது `4800/-`. நம் ஊரில் ரசீது எழுதும் பழக்கம் அப்படியே கீபோர்டுக்கு வந்துவிட்டது. பணத்தொகையின் பின்னால் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அதைத் தாண்டிப் போய்விடும். "செல் செல்லாகப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது" என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றையும் ஒரே வீச்சில் சரிசெய்ய, காலியான ஒரு காலத்தில், உதாரணமாக F2-ல் இதைப் போட்டு F9 வரை இழுங்கள்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(C2,UNICHAR(160),""),"/-","")))
```

எல்லாம் எண்ணாக வந்ததைப் பார்த்தபின் F காலத்தைக் காப்பி செய்து C-யின் மேல் `Paste Special > Values` கொடுத்துவிட்டு F-ஐ அழித்துவிடலாம். ஏதாவது ஒரு வரிசையில் `#VALUE!` வந்தால் பயப்பட வேண்டாம், நாம் எதிர்பார்க்காத நான்காவது வகை ஒன்று அங்கே இருக்கிறது என்று அது சொல்கிறது. பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து O, எண்ணுக்கு முன்னால் `Rs.` என்று ஏதாவது ஒன்று. அதைக் கையால் திருத்துங்கள். இந்த ஃபார்முலாவை `IFERROR`-க்குள் மட்டும் போடாதீர்கள்.

`IFERROR` பற்றி வந்ததால் D காலத்துக்குத் திரும்புகிறேன். C7-ஐயும் C8-ஐயும் 5 சதவீதத்தால் பெருக்கினால் நியாயமாக `#VALUE!` என்ற பிழை வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் ஃபைல் மேனேஜர்வரை போயிருக்கவே போயிருக்காது. வராததற்குக் காரணம், அங்கே இருக்கும் ஃபார்முலா `=IFERROR(C7*5%,0)`. பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, இரண்டு பில்லுக்கான வரி காணாமல் போய்விட்டது. பணத்தொகை வரும் காலத்தில் `IFERROR(…,0)` போடுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். வகுத்தலில் கீழே பூஜ்யம் வருவது போன்ற, காரணம் தெரிந்த பிழையை `IF` வைத்துத் தனியாகச் சமாளிக்கலாம். எல்லாப் பிழையையும் பூஜ்யமாக்குவது சரியான தொகையை அழிப்பதற்குச் சமம். `Ctrl+F` அழுத்தி, `Within` என்ற இடத்தில் `Workbook`, `Look in` என்ற இடத்தில் `Formulas` வைத்து `IFERROR` என்று தேடினால் ஃபைலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எழுத்தாக இருப்பதையெல்லாம் எண்ணாக்கக் கூடாது. பூஜ்யத்தில் தொடங்கும் குறியீட்டு எண்களில் அந்தப் பூஜ்யம் போய்விடும். எக்ஸெல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. கூட்டவோ பெருக்கவோ போகிற காலங்களை மட்டும் தொடுங்கள்.

இப்போது C10 சரியாக 90,000 காட்டும், D10 4,500 காட்டும். அடுத்தது அந்த எச்சரிக்கை.

நம் ஃபைலில் Summary என்று இன்னொரு ஷீட் இருக்கிறது. B2-ல் விற்பனை, B3-ல் செலவு 57,000, B4-ல் மேனேஜருக்கான ஊக்கத்தொகை, B5-ல் நிகர லாபம். ஊக்கத்தொகையையும் கழித்தபிறகு வரும் லாபத்தில் 10% என்பது ஒப்பந்தம். எழுதியவர் அதை அப்படியே ஃபார்முலாவாக்கிவிட்டார்:

```
B4:  =B5*10%
B5:  =B2-B3-B4
```

B4 தெரிய B5 வேண்டும், B5 தெரிய B4 வேண்டும். இதுதான் சர்க்குலர் ரெஃபரன்ஸ். இங்கே இரண்டு செல்கள் என்பதால் உடனே தெரிகிறது. நிஜ ஃபைல்களில் மூன்று நான்கு ஷீட் சுற்றிக்கொண்டு வரும். கண்டுபிடிக்க, `Formulas` டேபில் `Error Checking` பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தி `Circular References` மேல் நில்லுங்கள், செல்லின் முகவரி வரும். விண்டோவின் கீழே ஸ்டேட்டஸ் பாரிலும் காட்டும். ஆனால் அந்த வட்டம் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஷீட்டில் இருந்தால் மட்டும் முகவரியோடு வரும், வேறு ஷீட்டில் இருந்தால் வெறுமனே `Circular References` என்று நிற்கும். ஒவ்வொரு ஷீட்டாகத் தட்டிப் பாருங்கள். முகவரி கிடைத்ததும் அந்த செல்லில் நின்று `Trace Precedents`-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினால் நீல அம்புகள் பின்னோக்கிப் போய், தொடங்கிய செல்லுக்கே வந்து சேரும். ஒரு வட்டத்தைத் தீர்த்ததும் அதே மெனுவை மறுபடி பாருங்கள், இன்னொன்று ஒளிந்திருக்கலாம்.

உங்களுக்கு எச்சரிக்கை வந்து அவருக்கு ஏன் வரவில்லை? `File > Options > Formulas`-ல் `Enable iterative calculation` என்று ஒரு டிக் இருக்கிறது. அது போட்டிருந்தால் எக்ஸெல் வட்டத்தைக் குறை சொல்லாமல், சுற்றிச் சுற்றிக் கணக்கிடும். வழக்கமான அமைப்பில் அதிகபட்சம் 100 சுற்று, அல்லது மாற்றம் 0.001-க்குக் கீழே போகும்வரை. ஃபைலோடு சேர்ந்து இந்த அமைப்பும் சேவ் ஆகும். ஆனால் நடைமுறைக்கு வருவது, அன்று எக்ஸெலில் முதலில் எந்த ஃபைலைத் திறந்தீர்களோ அதன் அமைப்புதான், பிறகு திறக்கும் ஃபைல்களும் அதற்குக் கட்டுப்படும். அவர் இந்த ஃபைலை முதலாவதாகத் திறந்திருப்பார். நீங்கள் வேறு ஏதாவது திறந்து வைத்துக்கொண்டு இதைத் திறந்திருப்பீர்கள். ஆகவே உங்கள் கம்ப்யூட்டரில் வட்டம் கணக்கிடப்படாமல், பூஜ்யமோ கடைசியாகச் சேவ் ஆன பழைய மதிப்போ நிற்கும். விற்பனை 60,200 ஆக இருந்தபோது அவர் திரையில் நிகர லாபம் 2,909.09 என்று வந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் உங்களுக்கு எழுதியிருப்பார்.

அந்த டிக்கைப் போட்டு எச்சரிக்கையை வாயடைக்க வைப்பது தீர்வல்ல. இந்தக் குறிப்பிட்ட வட்டம் சுற்றினால் சரியான விடையில் போய் நிற்கும் வகை என்பது உண்மை. ஆனால் டிக் போட்டுவிட்டால், அதே ஃபைலில் நாளை யாராவது தெரியாமல் C10-ல் `=SUM(C2:C10)` என்று எழுதினாலும் எச்சரிக்கை வராது. மொத்தம் தன்னையே தன்னோடு கூட்டிக்கொள்ளும். 100 சுற்றில் 90,000 என்பது 90 லட்சமாகும், அடுத்து ஒருமுறை கணக்கிட்டால் 1 கோடியே 80 லட்சம். F9-ஐ அழுத்த அழுத்த மொத்தம் வளர்ந்துகொண்டே போனால் இதுதான் காரணம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செலவு செல்லில் யாராவது `57000/-` என்று தட்டினால் B5-ல் `#VALUE!` வரும், அது B4-க்குப் போகும், B4-லிருந்து மறுபடி B5-க்கு வரும். அப்புறம் செலவைச் சரியாகத் திருத்தினாலும் பிழை போகாது, இரண்டு செல்களும் அதை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டே இருக்கும். B4-ல் தற்காலிகமாக 0 போட்டு வட்டத்தை அறுத்து, பிறகு ஃபார்முலாவைத் திரும்ப எழுதினால்தான் தெளியும்.

நிரந்தரத் தீர்வு, வட்டமே இல்லாமல் எழுதுவது. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். ஊக்கத்தொகை கழித்த லாபம் 100 என்றால் ஊக்கத்தொகை 10, கழிப்பதற்கு முன் லாபம் 110. ஆகவே:

```
B4:  =(B2-B3)*10/110
```

கழிப்பதற்கு முன் லாபம் 90,000 - 57,000 = 33,000. ஊக்கத்தொகை 3,000. நிகர லாபம் 30,000. அதில் 10% எடுத்தால் 3,000 வருகிறது, ஒப்பந்தம் சொல்வதும் அதுதான். B4 இப்போது B5-ஐப் பார்ப்பதில்லை, எச்சரிக்கையும் போய்விடும். எல்லா வட்டத்தையும் இப்படிக் கணிதத்தால் அவிழ்க்க முடியாது. மாத சராசரி இருப்பின் மேல் வட்டி போட்டு, அந்த வட்டியை அதே இருப்பில் சேர்க்கும் கணக்கு சிக்கலானது. அங்கே தொடக்க இருப்பின் மேல் மட்டும் வட்டி போடலாமா என்று மேனேஜரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். அது கணக்கு முறையை மாற்றுவது, நீங்களாகச் செய்யக் கூடாது.

எக்ஸெல் இல்லாமல் வேறு எதிலாவது பார்ப்பவர்களுக்கு: லிப்ரே ஆபீஸில் வட்டம் இருந்தால் செல்லிலேயே `Err:522` என்று வரும். `Ctrl+F8` அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்து கறுப்பாகவும் மாறும், எழுத்தாகிப்போன எண்ணைப் பிடிக்க இதைவிட எளிய வழி எக்ஸெலில்கூட இல்லை. கூகுள் ஷீட்ஸில் வட்டம் `#REF!` ஆகத் தெரியும்.

திருப்பி அனுப்பும்போது "சரி செய்துவிட்டேன் சார்" என்று மட்டும் எழுதாதீர்கள். பழைய மொத்தம், புதிய மொத்தம், எந்த செல்கள், ஏன் என்று நான்கு வரி எழுதுங்கள்: விற்பனை 60,200-லிருந்து 90,000, C4, C7, C8 எழுத்தாக இருந்தன, வரி 3,772.50-லிருந்து 4,500, D காலத்து `IFERROR` எடுக்கப்பட்டது. நிகர லாபம் 2,909.09-லிருந்து 30,000, B4-ன் ஃபார்முலா மாறியது. போன மாத ஃபைலும் இதே டெம்ப்ளேட்டில் போட்டதா என்று கேட்டுவிடுங்கள், அப்படியானால் அதுவும் தப்பாகத்தான் போயிருக்கும். கடைசியாக, மொத்தத்துக்குப் பக்கத்தில் E10-ல் இதை விட்டுவையுங்கள், அடுத்த முறை யாராவது `/-` போட்டால் அங்கேயே தெரியும்:

```
=IF(COUNTA(C2:C9)=COUNT(C2:C9),"OK","CHECK")
```